கணிதம், அறிவியல் இரண்டிலும் பின்தங்கியவர் எத்தனை பேர்? குறுக்கு அட்டவணை போடும் முறை

பத்தாம் வகுப்புக்கு முதன்முறையாக வகுப்பாசிரியர் பொறுப்பேற்ற ஆண்டு அது. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே தலைமையாசிரியர் என்னை அழைத்து, கணிதத்துக்கும் அறிவியலுக்கும் மாலைச் சிறப்பு வகுப்பு வைத்தால் எத்தனை பிள்ளைகள் தங்க வேண்டியிருக்கும் என்று கேட்டார். கணிதத்தில் பாதி மதிப்பெண்ணுக்குக் கீழே 37 பேர் என்றும் அறிவியலில் 29 பேர் என்றும் பாட ஆசிரியர்கள் கணக்குக் கொடுத்திருந்தார்கள். நான் இரண்டையும் கூட்டி 66 பேர் என்று சொல்லிவிட்டேன். தேர்வு எழுதியவர்களே 80 பேர்தான். 66 பேரைத் தங்க வைக்க இடமும் இல்லை, ஆளும் இல்லை என்று அந்த ஏற்பாடு இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று.

உண்மையில் தங்க வேண்டியிருந்தவர்கள் 46 பேர். இரண்டு பாடத்திலும் பின்தங்கிய 20 பிள்ளைகளை நான் இரண்டு முறை எண்ணியிருந்தேன். 37, 29 என்ற இரண்டு எண்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த 20 கிடைக்காது என்பதுதான் இதில் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது. அறிவியலில் பின்தங்கிய 29 பேரும் கணிதத்திலும் பின்தங்கியவர்களாகவே இருக்கலாம். அல்லது ஒருவர்கூட அப்படி இல்லாமலும் இருக்கலாம். 80 பேர் எழுதிய தேர்வில் இரண்டுமே நடக்கக்கூடியவை. ஒவ்வொரு பிள்ளையின் இரண்டு மதிப்பெண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் விடை தெரியும். அப்படி எண்ணி நான்கு கட்டத்தில் எழுதுவதே குறுக்கு அட்டவணை.

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் செய்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன். தேர்வு எழுதாத நால்வரையும் சேர்த்து 84 பிள்ளைகள், இரண்டு பிரிவுகள், கணிதம், அறிவியல் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடங்கள் வேறாக இருந்தாலும் முறை இதுவே.

## 1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு பாடங்களின் மதிப்பெண் பதிவேடு, வகுப்பின் வருகைப் பதிவேடு, தேர்வறையில் குறித்த வராதோர் பட்டியல், திருத்திய விடைத்தாள் கட்டுகள் ஆகிய நான்கும் வேண்டும். விடைத்தாள் எதற்கு என்று தோன்றும். கடைசியில் சரிபார்க்கும்போது அது இல்லாமல் ஆகாது. எனவே தாள்களைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கும் முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். கொடுத்த தாள் திரும்பி வராது.

மதிப்பெண்ணை வாட்சப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள். பதிவேட்டையே வாங்கி எழுதுங்கள். படத்தில் 3க்கும் 8க்கும் வேறுபாடு தெரியாமல் போன அனுபவம் எனக்கு உண்டு.

## 2. எல்லைக் கோட்டை மதிப்பெண்களைப் பார்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள்

யாரை வலுவானவர் என்பது, யாரைப் பின்தங்கியவர் என்பது என்ற கோட்டை நீங்கள்தான் போட வேண்டும். பொதுத் தேர்வின் தேர்ச்சி எல்லையான 35ஐ எடுத்தால், தேர்ச்சி பெறுவார்களா என்ற ஐயத்துக்கு உரியவர்கள் மட்டும் கிடைப்பார்கள். 50 விழுக்காட்டை எடுத்தால் 35க்குச் சற்று மேலே தடுமாறிக்கொண்டிருப்பவர்களும் சேர்ந்து வருவார்கள். காலாண்டுக்குப் பிறகு மார்ச் வரை நேரம் இருப்பதால் நான் 50 விழுக்காட்டையே எடுத்தேன். இரண்டாம் திருப்புதல் தேர்வுக்குப் பிறகு என்றால் 35ஐ எடுத்திருப்பேன். எதை எடுத்தாலும் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பார்த்த பிறகு, வகுப்பறையில் எத்தனை பெஞ்சு இருக்கிறதோ அதற்கேற்பக் கோட்டை நகர்த்தத் தோன்றும்.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. கணிதத் தாள் 100 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. அறிவியலில் செய்முறைக்கு 25 போக, எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்குத்தான். எனவே அறிவியலில் பாதி என்பது 37.5. இதை மறந்து இரண்டுக்கும் 50 என்றே போட்டுவிட்டால், அறிவியலில் 38 முதல் 49 வரை வாங்கிய பிள்ளைகள் அத்தனை பேரும் பின்தங்கியவர்கள் ஆகிவிடுவார்கள். எங்கள் வகுப்பில் அப்படி 16 பேர் இருந்தார்கள். அவர்களில் 11 பேர் கணிதத்திலும் கீழே இருந்தவர்கள். கோட்டைச் சரியாகப் போட்டால் இரண்டிலும் பின்தங்கியவர் 20 பேர். தவறாகப் போட்டால் 31 பேர். அறிவியலில் நன்றாகவே எழுதிய அந்த 11 பிள்ளைகள், தேவையில்லாத ஒரு வகுப்புக்காகக் கடைசிப் பேருந்தைத் தவறவிட நேர்ந்திருக்கும்.

மதிப்பெண்களை 100க்கு மாற்றி எழுத வேண்டியதில்லை. மாற்றும்போது தசம எண்கள் வரும், எழுதும்போது பிழையும் வரும். பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு, எல்லையை மட்டும் ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

## 3. இரண்டு மதிப்பெண்ணையும் ஒரே பிள்ளைக்கு நேராகக் கொண்டுவாருங்கள்

இந்த வேலை முழுவதும் இந்தப் படியில்தான் நிற்கிறது. நான் விழுந்ததும் இங்கேதான்.

முதல் முறை நான் செய்தது இது. தேர்வு எழுதாத நால்வரை நீக்கிவிட்டுக் கணிதப் பட்டியலில் இருந்த 80 மதிப்பெண்களை எக்செல்லில் ஒரு நிரலாக ஒட்டினேன். அறிவியல் பட்டியலிலும் 80 பேர் இருந்தார்கள்; அந்த மதிப்பெண்களைப் பக்கத்து நிரலில் ஒட்டினேன். கணிதப் பட்டியல் பிரிவு வாரியாக, மாணவர் முதலிலும் மாணவியர் பின்னரும் எழுதப்பட்டிருந்தது. அறிவியல் பட்டியல் அகர வரிசையில் இருந்தது. இரண்டிலும் 80 இருந்ததால் எனக்கு ஐயமே வரவில்லை. அட்டவணை போட்டேன், இரண்டிலும் பின்தங்கியவர் 14 பேர் என்று வந்தது. பெயர்ப் பட்டியலை அறிவியல் ஆசிரியரிடம் காட்டியதும் அவர் ஒரு பெயரில் விரலை வைத்து, "என்ன டீச்சர், இந்தப் பிள்ளையப் போயி இதுல எழுதியிருக்கிய? எம் பாடத்துல 68 வாங்கியிருக்காளே" என்றார். அவள் பெயருக்கு நேராக இருந்தது வேறு யாருடைய மதிப்பெண்ணோ.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தவறான அட்டவணையிலும் கூட்டுத்தொகைகள் சரியாகவே இருந்தன. கணிதத்தில் பின்தங்கியவர் 37, அறிவியலில் 29, மொத்தம் 80. ஒரு நிரலை எப்படிக் கலைத்துப் போட்டாலும் அந்த நிரலில் எல்லைக்குக் கீழே எத்தனை பேர் என்பது மாறாது. யாருக்கு நேராக யார் என்பது மட்டுமே மாறும். எனவே ஓரத்துக் கூட்டல் சரியாக இருக்கிறது என்று நம்பி உள்ளே இருக்கும் நான்கு எண்களை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

இதைத் தவிர்க்கச் சேர்க்கை எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள். நம் பக்கத்துப் பள்ளிகளில் ஒரே வகுப்பில் மூன்று இசக்கியம்மாளும் இரண்டு சுடலைமுத்துவும் இருப்பது இயல்பு. முன்னெழுத்தை ஒருவர் பெயருக்கு முன்னும் மற்றவர் பின்னும் எழுதியிருப்பார். ஒருவர் "இசக்கிமுத்து" என்று எழுதியதை இன்னொருவர் "எசக்கிமுத்து" என்று எழுதியிருப்பார். கணினி இவர்களை வேறு வேறு ஆளாகவோ ஒரே ஆளாகவோ எடுத்துக்கொள்ளும். சேர்க்கை எண் ஒருவருக்கு ஒன்றுதான்.

தாளை இப்படி அமையுங்கள். A நிரலில் சேர்க்கை எண், B நிரலில் பெயர், C நிரலில் பிரிவு, D நிரலில் கணிதம், E நிரலில் அறிவியல். முதல் நிரை தலைப்பு. 84 பிள்ளைகளும் 2ஆம் நிரை முதல் 85ஆம் நிரை வரை வருவார்கள். அறிவியல் மதிப்பெண்களை 'அறிவியல்' என்று பெயரிட்ட வேறொரு தாளில், சேர்க்கை எண், பெயர், மதிப்பெண் என்ற வரிசையில் எழுதிக்கொண்டு, முதல் தாளின் E2வில் இந்தச் சூத்திரத்தை இட்டுக் கீழே 85 வரை இழுத்துவிடுங்கள்.

```
=VLOOKUP(A2,'அறிவியல்'!$A:$C,3,FALSE)
```

கடைசியில் உள்ள `FALSE` கட்டாயம் வேண்டும். அதை விட்டால் எண் கிடைக்காதபோது அருகில் உள்ள எண்ணின் மதிப்பெண்ணை எடுத்து வைத்துவிடும். `#N/A` என்று வந்தால் அந்தச் சேர்க்கை எண் அறிவியல் தாளில் இல்லை, அல்லது எழுத்து வடிவில் பதிவாகியிருக்கிறது என்று பொருள். அதைத் திருத்திவிட்டே மேலே செல்லுங்கள்.

பொருத்திய பிறகு அகர வரிசைப்படுத்த விரும்பினால் எல்லா நிரல்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தே செய்யுங்கள். ஒரு நிரலை மட்டும் வரிசைப்படுத்தினால் மேலே சொன்ன விபத்து மீண்டும் நடக்கும்.

## 4. தேர்வு எழுதாதவர்களுக்கு வெற்றிடம் விடாதீர்கள்

எழுதாத பிள்ளைக்கு பதிவேட்டில் உள்ளபடி AB என்றே இடுங்கள். 0 வேண்டாம், வெற்றிடமும் வேண்டாம். 0 என்று இட்டால், அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்த பிள்ளை படிப்பில் பின்தங்கியவர் ஆகிவிடுவார். வெற்றிடமாக விட்டாலும் எக்செல்லில் மேற்கண்ட சூத்திரம் அதை 0 என்றே கொண்டுவந்து தரும்.

AB இட்டாலும் ஒரு கவனம் தேவை. எக்செல் எழுத்தை எந்த எண்ணையும்விடப் பெரியதாகக் கருதுகிறது. எனவே 50க்கு மேல் இருந்தால் வலு என்று எழுதச் சொல்லி நேரடியாக ஒரு சூத்திரம் போட்டால், தேர்வுக்கே வராத பிள்ளை வலுவானவர் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்வார். எழுத்து வடிவில் பதிவான மதிப்பெண்ணுக்கும் இதே நிலைதான். கட்டத்தின் மூலையில் சிறு பச்சை முக்கோணம் தெரிந்தால் அது எண்ணாகப் பதியவில்லை என்று அறிந்துகொள்ளலாம். எத்தனை மதிப்பெண்கள் எண்ணாகப் பதிவாகியுள்ளன என்பதை இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

```
=COUNT(D2:D85)
=COUNT(E2:E85)
```

தேர்வறையின் வராதோர் பட்டியலோடு இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போக வேண்டும்.

## 5. நான்கு கட்டங்களையும் எண்ணுங்கள்

H1 கட்டத்தில் 50, H2 கட்டத்தில் 37.5 என்று எல்லைகளை எழுதுங்கள். எல்லையைச் சூத்திரத்துக்குள் புதைக்காமல் வெளியே வைப்பது பின்னர் 8ஆம் படியில் பயன்படும். அதன்பின் நான்கு கட்டங்களில் இந்த நான்கு சூத்திரங்களையும் இடுங்கள்.

```
=COUNTIFS(D2:D85,">="&H1,E2:E85,">="&H2)
=COUNTIFS(D2:D85,">="&H1,E2:E85,"<"&H2)
=COUNTIFS(D2:D85,"<"&H1,E2:E85,">="&H2)
=COUNTIFS(D2:D85,"<"&H1,E2:E85,"<"&H2)
```

சரியாக 50 வாங்கியவர் எந்தப் பக்கம் என்பதை `>=` தீர்மானிக்கிறது. முதல் இரண்டில் `>` என்று மட்டும் இட்டுவிட்டால் அந்தப் பிள்ளைகள் நான்கு கட்டத்திலும் வராமல் காணாமல் போவார்கள். AB உள்ளவர்களை இந்தச் சூத்திரங்கள் எண்ணுவதில்லை. அதுதான் நமக்கும் வேண்டும்.

எங்கள் வகுப்புக்குக் கிடைத்த அட்டவணை இது.

| | அறிவியலில் வலு | அறிவியலில் பின் | மொத்தம் |
|---|---|---|---|
| கணிதத்தில் வலு | 34 | 9 | 43 |
| கணிதத்தில் பின் | 17 | 20 | 37 |
| மொத்தம் | 51 | 29 | 80 |

இரண்டிலும் வலுவானவர் 34 பேர். இரண்டிலும் பின்தங்கியவர் 20 பேர். ஒன்றில் வலுவாகவும் மற்றதில் பின்தங்கியும் உள்ளவர்கள் 9, 17 என 26 பேர். இந்த 26ஐ ஒரே எண்ணாகச் சேர்த்து எழுதிவிடாதீர்கள். கணிதம் மட்டும் வராதவரும் அறிவியல் மட்டும் வராதவரும் ஒரே வகுப்பறையில் அமர வேண்டியவர்கள் அல்லர்.

கணினி இல்லாதவர்கள் வெள்ளைத் தாளில் நான்கு கட்டம் வரைந்துகொண்டு, ஒருவர் சேர்க்கை எண்ணையும் இரண்டு மதிப்பெண்ணையும் வாசிக்க, மற்றவர் உரிய கட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வரலாம். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டுக் கட்டாக்கினால் எண்ணுவது எளிது. 84 பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் போதும். இந்த முறையில் பொருத்தம் தவறும் வாய்ப்பு குறைவு என்பதையும் சொல்ல வேண்டும்.

## 6. அட்டவணையை நம்பலாமா என்று சோதியுங்கள்

முதலில் நான்கு கட்டங்களின் கூட்டுத்தொகை, எழுதாதவர்களையும் சேர்த்து வகுப்பின் மொத்த எண்ணிக்கைக்கு வர வேண்டும்: 80, 4, மொத்தம் 84. இது குறைந்தபட்சச் சோதனை. பொருத்தம் தவறியதை இது காட்டாது என்று முன்பே பார்த்தோம்.

அதற்கான சோதனை வேறு. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, மதிப்பெண்கள் சீட்டுக் குலுக்கியதுபோலக் கலந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொண்டால், இரண்டிலும் பின்தங்கியவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்கிடலாம். நிரையின் மொத்தத்தையும் நிரலின் மொத்தத்தையும் பெருக்கி, எழுதியவர் தொகையால் வகுக்க வேண்டும்: 37ஐ 29ஆல் பெருக்கி 80ஆல் வகுத்தால் 13.4. என்னுடைய முதல் அட்டவணை காட்டிய 14 இதற்குப் பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். ஏனென்றால் அது உண்மையிலேயே கலைந்துபோன பட்டியல். சரியாகப் பொருத்தியதும் 20 வந்தது. ஒரே பிள்ளை, ஒரே வீடு, ஒரே வருகைப் பதிவு. எனவே ஒரு பாடத்தில் தடுமாறுபவர் மற்றதிலும் தடுமாறுவது எதிர்பார்க்கக்கூடியதே. உங்கள் அட்டவணையில் இரண்டிலும் பின்தங்கியவர் எண்ணிக்கை இந்தக் கலந்த கணக்குக்கு மிக அருகில் வந்தால், பாடங்களுக்குள் தொடர்பில்லை என்று முடிவு கட்டும் முன் பொருத்தத்தைச் சந்தேகியுங்கள்.

பின்னர் விடைத்தாள் கட்டுகளை எடுங்கள். நான்கு கட்டங்களில் இருந்தும் இரண்டிரண்டு பிள்ளைகளாக எட்டுப் பேரைத் தேர்ந்து, இரண்டு விடைத்தாள்களின் முகப்பில் உள்ள மதிப்பெண்ணையும் தாளில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். பட்டியல் கலைந்திருந்தால் எட்டில் பெரும்பாலானவை பொருந்தாமல் போய், உடனே தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை.

## 7. விழுக்காடு எழுதும்போது எதில் என்று எழுதுங்கள்

ஒரே 20 பேரை மூன்று விதமாகச் சொல்லலாம். எழுதிய 80 பேரில் 25 விழுக்காட்டினர் இரண்டிலும் பின்தங்கியவர்கள். கணிதத்தில் பின்தங்கிய 37 பேரை எடுத்தால், அவர்களில் 54 விழுக்காட்டினர் அறிவியலிலும் பின்தங்கியவர்கள். அறிவியலில் பின்தங்கிய 29 பேரை எடுத்தால், அவர்களில் 69 விழுக்காட்டினர் கணிதத்திலும் பின்தங்கியவர்கள். மூன்றும் உண்மை, மூன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை.

ஆசிரியர் கூட்டத்தில் "69 விழுக்காட்டுப் பிள்ளைகள் இரண்டிலும் பின்தங்கியுள்ளனர்" என்று ஒருவர் சொன்னால் 80 பேரில் 55 பேர் என்றே கேட்பவர் புரிந்துகொள்வார். அதனால் நான் கூட்டத்தில் விழுக்காட்டைத் தவிர்த்து, "29 பேரில் 20 பேர்" என்றே சொல்கிறேன். நூறு பேர்கூட இல்லாத வகுப்புக்கு அதுவே தெளிவு.

## 8. எண்ணிலிருந்து பெயருக்குப் போங்கள்

வகுப்பு நடத்துவதற்குப் பெயர் வேண்டும். F2வில் இதை இட்டுக் கீழே இழுத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே அவர் எந்தக் கட்டம் என்று வரும். வடிகட்டிப் பட்டியல் எடுத்துக்கொள்ளலாம்.

```
=IF(COUNT(D2:E2)<2,"எழுதவில்லை",
 IF(D2>=$H$1,"வலு","பின்")&"-"&IF(E2>=$H$2,"வலு","பின்"))
```

"எழுதவில்லை" என்று வருபவர்கள் நான்கு பேர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிகமாக வந்தால், எழுதிய யாரோ ஒருவரின் மதிப்பெண் எண்ணாகப் பதியாமல் அங்கே ஒளிந்திருக்கிறது.

அடுத்து, கோட்டின் ஓரத்தில் நிற்பவர்களைத் தனியாகப் பாருங்கள். எங்கள் வகுப்பில் ஒரு மாணவி கணிதத்தில் 49, அறிவியலில் 37. அட்டவணையில் அவள் இரண்டிலும் பின்தங்கியவள். அவள் பக்கத்தில் அமர்பவள் 50, 38. அவள் இரண்டிலும் வலுவானவள். இரண்டு பேருக்கும் இடையே மொத்தம் இரண்டு மதிப்பெண். எனவே H1இல் 45, H2இல் 33.75 என்று இரண்டையும் சேர்த்துக் குறைத்துப் பாருங்கள். எங்களுக்கு இரண்டிலும் பின்தங்கியவர் 20இலிருந்து 16 ஆனது. அந்த 16 பேர் ஐயத்துக்கு இடமின்றி உதவி தேவைப்படுபவர்கள். மீதி நால்வரின் விடைத்தாளைப் புரட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்தோம். பார்த்து முடித்ததும் எல்லையைப் பழையபடி 50, 37.5 என்று மாற்றிவைக்க மறக்காதீர்கள்.

வலு, நடுத்தரம், பின் என்று மூன்றாகப் பிரித்து ஒன்பது கட்டம் போடலாமே என்று கேட்பார்கள். 80 பிள்ளைகளை ஒன்பது கட்டத்தில் போட்டால் சில கட்டங்களில் இரண்டு மூன்று பேரே வருவார்கள். ஒரு பிள்ளை இடம் மாறினாலே படம் மாறிவிடும். பல பிரிவுகள் உள்ள பெரிய பள்ளிக்குத்தான் அது பொருந்தும்.

கலப்பாக வந்த பிள்ளைகளின் விடைத்தாள்களே எனக்கு அதிகம் சொல்லித் தந்தன. அறிவியலில் வலுவாக இருந்தும் கணிதத்தில் கீழே நின்ற 17 பேரில் 11 பேர், 8 மதிப்பெண் வினாக்களான வடிவியலையும் வரைபடத்தையும் தொடவே இல்லை. இரண்டும் சேர்ந்து 16 மதிப்பெண். இவர்களுக்கு முழுக் கணிதமும் தேவைப்படவில்லை. அளவுகோலும் கவராயமும் கையில் கொடுத்து வரைய வைக்கும் வகுப்புதான் தேவைப்பட்டது. கணிதம் நன்றாக வந்தும் அறிவியலில் கீழே நின்ற 9 பேரில் பெரும்பாலானோர் 7 மதிப்பெண் நெடுவினாக்களை இரண்டு வரியில் முடித்திருந்தார்கள். எழுதிப் பழக வேண்டியவர்கள் அவர்கள். இரண்டிலும் பின்தங்கிய 20 பேரிடம் இப்படி ஒரே காரணம் கிடைக்கவில்லை. பலருடைய வருகைப் பதிவேட்டில் விடுப்பு அதிகம்; சில வீடுகளில் மாலையில் பீடி சுற்றும் வேலைக்குப் பிள்ளையின் கையும் தேவைப்பட்டது. அட்டவணை இந்தக் காரணங்களைச் சொல்லாது. யாரிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்லும்.

இந்தப் பெயர்ப் பட்டியலை வகுப்புச் சுவரில் ஒட்டாதீர்கள், பெற்றோர் வாட்சப் குழுவிலும் போடாதீர்கள். தலைமையாசிரியருக்கும் இரண்டு பாட ஆசிரியர்களுக்கும் மட்டும் ஒவ்வொரு படி கொடுத்தால் போதும். பிள்ளைகளிடம் எந்த நாளில் எந்த வகுப்பு என்று மட்டும் சொல்லுங்கள்.

## 9. காலமும் செலவும்

84 பேரின் இரண்டு மதிப்பெண்ணையும் தட்டச்சு செய்ய எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பொருத்துதல், சூத்திரம், சோதனை எல்லாம் சேர்த்து இன்னொரு மணி நேரம். கூகுள் ஷீட்ஸில் செய்தால் மென்பொருளுக்குப் பணம் இல்லை; மேலே உள்ள சூத்திரங்கள் அதிலும் வேலை செய்யும். கைப்பேசியிலும் செய்யலாம் என்றாலும், நிரலைத் தேர்ந்தெடுக்கும்போது விரல் தவறிப் பொருத்தம் கலையும் என்பதால் கணினியையே பயன்படுத்துங்கள். அச்செடுக்க மூன்று தாள் போதும்.

காலம்தான் முக்கியம். பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் அட்டவணை முடிந்தால்தான் அக்டோபரில் வகுப்பைத் தொடங்க முடியும். ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் மாலை வகுப்புகள் அடிக்கடி தடைப்படும். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் பிள்ளைகள் நான்கு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். நாங்கள் இரண்டிலும் பின்தங்கிய 20 பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒரு நாள் கணிதம் மறுநாள் அறிவியல் என்று மாற்றி மாற்றி வைத்தோம். எல்லோரும் ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க முடிந்தது.

தாளை மூடும் முன், அதன் மேல் நிரையில் தேர்வின் பெயர், நாள், எடுத்த எல்லைகள், எழுதாதவர்களின் சேர்க்கை எண்கள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் இதே 84 பேருக்கு மீண்டும் அட்டவணை போடுவீர்கள். அப்போது எல்லை 50, 37.5 என்று இதேபோல இருந்தால்தான் இரண்டு F நிரல்களையும் அருகருகே வைத்து, "பின்-பின்" என்றிருந்த அந்த 20 பேரில் யார் எந்தக் கட்டத்துக்கு நகர்ந்தார்கள் என்று பெயர் பெயராகப் பார்க்க முடியும்.